கடலிலிருந்து தளத்துக்கு: ஒரு பெரிய கப்பலைத் துறைமுகத்தில் கட்டும் வேலை, ஆரம்பம் முதல் கடைசிக் கயிறு வரை

அக்கா மகன் கப்பல் வேலைக்குப் போகப் பயிற்சி எடுக்கிறான். போன ஆடி மாதம் தூத்துக்குடியில் உப்பளத்துப் பக்கம் நின்று, தூரத்தில் ஒரு நிலக்கரிக் கப்பல் உள்ளே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "இவ்வளவு பெரிய கப்பல, நாலு கயித்த கட்டி வின்ச்ச வச்சு இழுத்துருவாங்களா மாமா?" என்று கேட்டான். புதிதாக வரும் பையன்கள் எல்லாரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்த நினைப்போடு கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நிற்பது ஆபத்து. அதனால் அவனுக்கு அன்று சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் வருவதைக் கைமாற்றம் என்றுதான் நான் பார்க்கிறேன். வெளியே நங்கூரம் அதைப் பிடித்திருக்கும். அப்புறம் எஞ்சினும் சுக்கானும் பிடிக்கும். அவற்றின் பிடி தளரும்போது இழுவைப் படகுகள் வாங்கிக்கொள்ளும். கடைசியில்தான் கயிறு. கயிற்றின் வேலை, வந்து நின்ற கப்பலை அப்படியே பிடித்து வைப்பது. இழுத்து வருவது அதன் வேலை இல்லை. ஒரு கை விட்டு அடுத்த கை இன்னும் சரியாகப் பிடிக்காத அந்த இடைவெளியில்தான் விபத்துகள் நடக்கின்றன.

உதாரணத்துக்கு அன்று பார்த்த மாதிரிக் கப்பலையே எடுத்துக்கொள்வோம். 229 மீட்டர் நீளம், 32 மீட்டர் அகலம், நிலக்கரி ஏற்றி நீருக்குள் 12.5 மீட்டர் அமிழ்ந்திருக்கிறது. அப்படியென்றால் மொத்த எடை ஏறக்குறைய 79,000 டன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இந்த அம்மி பறக்காது, ஆனால் நகரும். செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் புகுந்து வரும் மேல்காற்று, கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றிவிட்டு நேராகக் கடலுக்குத்தான் போகிறது.

பைலட் ஏறும் வரை

துறைமுகத்துக்கு வருகை நேரத்தை 72, 48, 24 மணி நேரத்துக்கு முன்பாக அறிவித்துக்கொண்டே வருவது வழக்கம். உள்ளே வருவதற்கு முன் எஞ்சினை முன்னோக்கியும் பின்னோக்கியும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பதைச் சிலர் சடங்காக முடித்துவிடுவார்கள். உள்ளே போனபின் கப்பலை நிறுத்தப்போவது அதுதான். சுக்கானை இடம் வலமாக முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். இரண்டு நங்கூரங்களும் போட்டால் உடனே விழும்படி கட்டவிழ்த்து இருக்க வேண்டும், கப்பலின் முன்முனையான அணியத்தில் அதற்கென்று ஆள் நிற்க வேண்டும். எஞ்சின் கைவிட்டால் மிஞ்சுவது நங்கூரம் மட்டும்தான்.

கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட் வேண்டும் என்பதற்கு ஜி கொடி, ஏறியபின் எச் கொடி. இரவானால் பைலட் படகில் வெள்ளை விளக்கு மேலேயும் சிவப்பு கீழேயும் எரியும். இந்தியாவின் பெரிய துறைமுகங்களில் பைலட் கட்டாயம். அந்த ஊர்க் கடலின் ஆழமும் காற்றும் அவருக்குத்தான் கைவந்தவை.

அவர் ஏறும் கயிற்று ஏணியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பைலட்டுகள் உயிரை விடும் இடம் பெரும்பாலும் அதுதான். நீர்மட்டத்திலிருந்து மேல்தளம் 9 மீட்டருக்குமேல் உயரம் என்றால் வெறும் ஏணி போதாது, பக்கவாட்டுப் படிக்கட்டையும் சேர்த்து இறக்க வேண்டும். நம் கப்பல் சுமையோடு வருவதால் உயரம் 7 மீட்டர்தான், ஏணி போதும். ஏணியின் பக்கக் கயிறுகளைத் மேல்தளத்திலுள்ள உறுதியான வளையத்தில் கட்டியிருக்கிறதா, படிகள் சமமாகக் கிடக்கின்றனவா, கீழ்ப் படி நீரிலிருந்து பைலட் கேட்ட உயரத்தில் நிற்கிறதா என்று ஓர் அதிகாரி குனிந்து பார்க்க வேண்டும். வேலியில் ஏணியைச் சாய்த்துக் கட்டுவது, சங்கிலிக் கொக்கியில் படியை மாட்டித் தொங்கவிடுவது இரண்டும் நான் கண்ணால் பார்த்த தப்புகள். இரண்டிலும் எடை கயிற்றுக்குப் போகாமல் படிக்குப் போகும். படி அந்த எடைக்குச் செய்ததில்லை.

காற்று மேற்கிலிருந்து அடித்தால் ஏணி கிழக்குப் பக்கம். கப்பலைக் கொஞ்சம் திருப்பி, அந்தப் பக்கத்தில் அலையை அடக்கிக் கொடுப்பார் கேப்டன். படகு ஒட்டி வந்து, அலை உச்சியில் இருக்கும்போது பைலட் ஏணியைப் பிடிப்பார். அலை இறங்கும்போது பிடித்தால் படகு மறுபடி ஏறி வந்து காலை நசுக்கிவிடும்.

கால்வாயில்: வேகம் ஒரு கடன்

கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் ஏறியவுடன் பைலட்டும் கேப்டனும் பேசிக்கொள்ளும் ஐந்து நிமிடம் முக்கியம். கப்பலின் அமிழ்வு எவ்வளவு, எஞ்சினைக் குறைந்த நிலையில் வைத்தால் எவ்வளவு வேகம் போகும், புரொப்பெல்லர் எந்தப் பக்கம் சுற்றுகிறது, முன்பக்கத்தில் பக்கவாட்டுத் தள்ளுபொறி உண்டா என்று பைலட் கேட்பார். நிலக்கரிக் கப்பல்களில் அந்தத் தள்ளுபொறி பெரும்பாலும் கிடையாது. எத்தனை இழுவைப் படகு, எந்தப் பக்கம் கரையில் கட்டும் தளம், எந்தக் கயிறு முதலில் என்று அவர் சொல்வார். ஆணை அவர் கொடுத்தாலும் கப்பலுக்குப் பொறுப்பு கேப்டனுடையதுதான். தவறாகப் பட்டால் கேட்க வேண்டும், தேவையானால் மறுக்க வேண்டும். மரியாதைக்காகச் சும்மா இருப்பது இங்கே செல்லாது.

தூத்துக்குடியில் நுழைவது இரண்டு நீண்ட அலைதடுப்புச் சுவர்களுக்கு இடையில். வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவித்தபோது இந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. 1986-ல்தான் தனி மாவட்டம். சுவர்களுக்குள் கடல் அமைதியாகத் தெரியும். ஆனால் கால்வாய் வெட்டி ஆழப்படுத்தியது. ஆழம் குறைந்த நீரில் கப்பல் வேகமாகப் போனால் அது கீழே உட்காரும். அடியில் நீர் நெருக்கப்பட்டு வேகமெடுக்க, அழுத்தம் குறைந்து கப்பல் தாழும்.

எவ்வளவு தாழும் என்பதற்கு மாலுமிகள் ஒரு மனக்கணக்கு வைத்திருக்கிறோம். வேகத்தை நாட், அதாவது மணிக்கு எத்தனை கடல் மைல், என்ற கணக்கில் எடுத்து, அதன் வர்க்கத்தை, நீருக்குள் இருக்கும் கப்பல் தன் நீள அகல ஆழப் பெட்டியில் எவ்வளவு பங்கை நிரப்புகிறது என்று சொல்லும் பருமன் எண்ணால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் திறந்த, ஆழம் குறைந்த நீரில் எத்தனை மீட்டர் என்று வரும். குறுகிய கால்வாயில் அதை இரட்டிக்க வேண்டும். பருமன் எண் 0.86 என்றால் 8 நாட்டில் கால்வாயில் 1.1 மீட்டர். 6 நாட்டில் 0.6 மீட்டர். இரண்டு நாட் குறைத்ததில் அரை மீட்டர் ஆழம் கைக்கு வருகிறது. கப்பல் உட்காருவதற்கு அறிகுறிகளும் உண்டு. சுக்கான் மந்தமாகும், எஞ்சின் சுற்றுக்கு ஏற்ற வேகம் வராது, மேல்தளம் மெல்ல அதிரும், பின்னால் அலை உயர்ந்து சேறு கலங்கும்.

"அப்ப ரொம்ப மெதுவாப் போக வேண்டியதுதான?" என்றான் மருமகன். அங்கேதான் சிக்கல். எஞ்சினை ஆகக் குறைந்த நிலையில் வைத்தாலே இந்த மாதிரிக் கப்பல் 5, 6 நாட் போகும். அதற்குக் கீழே இறங்க எஞ்சினை நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்தினால் சுக்கான்மேல் நீர் பாயாது, சுக்கானி சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் கப்பல் கேட்காது. அப்போது சில விநாடி மட்டும் எஞ்சினைத் தட்டிவிட்டு, சுக்கான்மேல் நீரைப் பாய்ச்சி, திரும்பியவுடன் மறுபடி நிறுத்துவார் பைலட். இந்தத் தட்டலைப் பார்த்தாலே அவர் கைத்திறன் தெரிந்துவிடும்.

இழுவைப் படகுகள் வாங்கிக்கொள்ளும் இடம்

இழுவைப் படகுகள் கால்வாயிலேயே வந்து சேரும். ஒன்று பின்புறம் நடுவில், இன்னொன்று முன்புறத் தோளில். பின்புறத்துப் படகு முதலில் கட்டிக்கொள்வது நல்லது. வேகத்தைப் பிடித்து நிறுத்த அது உதவும்.

முன்புறப் படகு கட்டும் நேரம் சங்கடமானது. அணியத்துக்கு அருகே நீரோட்டம் சிறிய படகை ஒரு இடத்தில் வெளியே தள்ளும், அடுத்த இடத்தில் உள்ளே இழுக்கும். வேகம் கூடினால் அந்த இழுப்பு இன்னும் கூடும். 6 நாட்டுக்குமேல் முன்னால் வந்து கயிறு வாங்கச் சொல்வது படகில் இருப்பவர்களின் உயிரோடு விளையாடுவது. பின்னால் கட்டிய படகுக்கு வேறு ஆபத்து. கப்பல் சட்டென வேகமெடுத்தால், கயிறு பக்கவாட்டில் இழுத்துப் படகையே கவிழ்த்துவிடும். அதனால் பிரிட்ஜில் எஞ்சினைக் கூட்டும்போதெல்லாம் படகுக்கு முதலில் சொல்ல வேண்டும்.

கப்பலில் நம் வேலை இது. ஹீவிங் லைன் என்ற மெல்லிய கயிற்றைப் படகுக்கு எறிய வேண்டும். படகுக்காரர் அதில் தூதுக்கயிற்றைக் கட்டுவார். அதை வின்ச்சில் சுற்றி இழுத்தால் பின்னாலேயே படகின் தடித்த கயிறு வரும். அதன் நுனி வளையமான கண்ணை மேல்தளத்திலுள்ள இரட்டை முளையில் மாட்டிவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு விலகிவிட வேண்டும். மாட்டியது உறுதி என்று தெரியும் வரை படகு இழுக்காது. கழற்றும்போது தூதுக்கயிற்றால் பிடித்து மெதுவாக இறக்க வேண்டும். பின்புறத்தில் தொப்பென்று நீரில் விட்டால், சுற்றும் புரொப்பெல்லர் அதை விழுங்கிக்கொள்ளும்.

இப்போது காற்றுக் கணக்கு. சுமையோடு இருக்கும் நம் கப்பலின் நீருக்கு மேலான பக்கப் பரப்பு சுமார் 2,000 சதுர மீட்டர். பக்கவாட்டில் 25 நாட் காற்று அடித்தால் ஏறத்தாழ 20 டன் விசை. 35 நாட் அடித்தால் 40 டன்னை நெருங்கும். காற்று ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, விசை இரட்டிப்பாகிவிட்டது. 50 டன் இழுவிசை கொண்ட இரண்டு படகுகள் இதைச் சமாளிக்கும். ஆனால் ஒரு படகு கோணலாக நின்று தள்ளினாலோ, கப்பல் நகர்ந்துகொண்டிருந்தாலோ அந்த 50 முழுசாகக் கிடைக்காது. காலி கப்பல் என்றால் பரப்பு அதிகம், விசையும் அதற்கேற்பக் கூடும். ஆடியில் காலி கப்பலைக் கட்டுவதுதான் தலைவலி.

தளத்தை ஒட்டும் கடைசி முந்நூறு மீட்டர்

காற்று தளத்திலிருந்து நீரை நோக்கி அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கப்பலைத் தள்ளிவிடும் காற்று. இடது பக்கம் தளம். இதில் ஒரு வசதி உண்டு. வலப்பக்கம் சுற்றும் புரொப்பெல்லரைப் பின்னோக்கி ஓட்டினால் பின்பகுதி இடப்பக்கமாகச் சாயும். நிறுத்தும்போதே பின்பகுதி தளத்தை நோக்கித் தானாக வரும். தள்ளிவிடும் காற்று என்பதால் பைலட் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான கோணத்தில் அணியத்தை உள்ளே கொண்டுவருவார்.

தளத்துக்கு இணையாக, ஓரிரு கப்பல் அகலத் தூரத்தில் முன்னோட்டம் முழுக்க நின்றிருக்க வேண்டும். அதற்குப்பின் நகர்வு பக்கவாட்டில் மட்டும், படகுகள் தள்ளும் வேகத்தில். தொடும்போது நொடிக்கு 10 சென்டிமீட்டர் போதும். 79,000 டன் அந்த வேகத்தில் வந்து ரப்பர் மெத்தையைத் தொடும்போது கொண்டிருக்கும் ஆற்றல், 10 டன் எடையுள்ள ஒரு பஸ் மணிக்கு 32 கிலோமீட்டரில் வந்து மோதுவதற்குச் சமம். கூடவே நகரும் நீரின் எடையைச் சேர்க்காமலே இவ்வளவு. நொடிக்கு 20 சென்டிமீட்டர் என்றால் அதே பஸ் 64 கிலோமீட்டரில். வேகத்தை வெறும் கண்ணால் மதிப்பிட முடியாது. அணியத்தில் நிற்கும் அதிகாரி "முன்னால் இருபது மீட்டர், பதினைந்து" என்று தூரத்தை வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பது அதற்காகத்தான். எண்கள் ஒரே சீராகக் குறைந்தால் சரி. இருபதிலிருந்து நேராகப் பன்னிரண்டுக்குத் தாவினால் பைலட்டின் முகம் மாறிவிடும்.

கயிறு: முதலில் எது, ஏன்

முன்னாலும் பின்னாலும் மூன்று வகைக் கயிறு உண்டு. நுனியிலிருந்து வெளிப்பக்கமாக நீள்பவை ஹெட்லைனும் ஸ்டெர்ன்லைனும். நேராகத் தளத்தை நோக்கி நிற்பது பிரெஸ்ட். உள்பக்கமாக, கப்பலின் நடுவை நோக்கி நீள்வது ஸ்பிரிங். பெரும்பாலும் முதலில் போவது ஸ்பிரிங்தான். முன்ஸ்பிரிங் கப்பல் முன்னால் போகாமல் பிடிக்கும், பின்ஸ்பிரிங் பின்னால் போகாமல் பிடிக்கும். இரண்டும் போனபின் கப்பல் நீளவாக்கில் ஓடாது. அதுவரைக்கும் அந்த வேலையை எஞ்சின் பார்த்தது. அப்புறம்தான் எஞ்சினை மறக்கலாம். தள்ளிவிடும் காற்று என்றால் பிரெஸ்டும் சீக்கிரம் போக வேண்டும்.

ஹீவிங் லைன் எறிவது பழகப் பழகத்தான் வரும். நுனியில் கட்டும் கனத்துக்கு மணல் பை போதும், அரைக் கிலோவுக்குள். இரும்பு நட்டையோ ஈயத்தையோ உள்ளே வைத்து முடிவது சில கப்பல்களில் இன்னும் ஓடுகிறது. கீழே நிற்பவர் தலையில் அது விழுந்தால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். தளத்தில் இருப்பவர்கள் அதைப் பிடித்து இழுப்பார்கள், தடித்த கயிற்றின் கண் பின்னால் போகும். நாம் கயிற்றை ஆரியா, அதாவது விட்டுக்கொடுக்கிறோம். கண் முளையில் மாட்டியதும் ஹபீஸ், அதாவது இழு. இந்த இரண்டு சொல் தெரிந்தால் எந்த ஊர் லஸ்கரோடும் பாதி வேலை நடக்கும்.

முளையில் ஏற்கெனவே இன்னொரு கயிற்றின் கண் கிடந்தால், நம் கண்ணை அதன்மேல் போடக்கூடாது. கீழிருந்து அந்தக் கண்ணுக்குள் நுழைத்து மேலே கொண்டுவந்து அப்புறம் முளையில் மாட்ட வேண்டும். அப்படிச் செய்தால் எது முதலில் கழன்றாலும் மற்றது அசையாது.

வின்ச்சில் டிரம் இரண்டு பகுதியாக இருக்கும். கயிற்றைச் சுருட்டி வைக்கும் பகுதி, வேலை செய்யும் பகுதி. வேலைப் பகுதியில் ஒரே அடுக்கில், குறைந்தது ஆறேழு சுற்று. இரண்டாம் அடுக்கு ஏறினால் பிரேக்கின் பிடி குறைகிறது, மேல் அடுக்கு கீழ் அடுக்குக்குள் புதைந்தும் போகும். சுற்றும் திசையும் முக்கியம். தப்பான திசையில் சுற்றிவிட்டால் பட்டை பிரேக் பாதிப் பிடியைக்கூட இழக்கும். ஒருமுறை எங்கள் கப்பலில் கயிறு மாற்றியவர்கள் ஒரு டிரம்மைத் தலைகீழாகச் சுற்றிவிட்டார்கள். இரவில் காற்று ஏறியதும் அந்த ஒரு கயிறு மட்டும் முனகிக்கொண்டே நழுவியது. பிரேக்கை எவ்வளவு முறுக்கியும் நிற்கவில்லை. காலையில் சுற்றுத் திசையைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

இந்த அளவுக் கப்பலில் ஒரு கயிறு அறுவதற்குச் சுமார் 60 டன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிரேக்கை அதன் 60 சதவீதத்துக்கு, 36 டன்னுக்கு, முறுக்கி வைப்பது வழக்கம். அதற்குமேல் போனால் பிரேக் நழுவட்டும், கயிறு அறக்கூடாது என்பதுதான் எண்ணம். வின்ச் இழுப்பதோ 10, 15 டன்தான். மருமகன் கேட்டானே, அதற்குப் பதில் இங்கே. காற்று 20 டன்னால் தள்ளும்போது ஒரு வின்ச்சால் கப்பலை இழுத்து வர முடியாது. படகு தள்ளிக்கொண்டே இருக்கும், கயிற்றில் தளர்வு விழும். அந்தத் தளர்வை எடுத்துவிட்டுப் பிரேக்கைப் போட வேண்டும், அவ்வளவுதான். கயிறு விறைத்தும் கப்பல் நகரவில்லை என்றால் இழுப்பதை நிறுத்திவிட்டுப் பிரிட்ஜில் சொல்லுங்கள். படகு தள்ளட்டும்.

எல்லாக் கயிறும் போனபின் படகுகளை ஒரேயடியாக விடக்கூடாது. பைலட் ஒரு படகைத் தள்ளுவதை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பார்ப்பார். கப்பல் கொஞ்சம் வெளியே வரும், கயிறுகள் விறைக்கும். எல்லாம் ஒன்றாக விறைத்தால் நல்லது. ஒன்று மட்டும் கம்பியாக நின்று மற்றவை தொங்கினால், சுமை முழுவதும் அந்த ஒன்றில். சீர்செய்த பின்புதான் அடுத்த படகு. இன்னொன்று, ஒரே திசையில் இழுக்கும் கயிறுகள் ஒரே வகையாக, கூடிய வரை ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். இரும்புவடத்தையும் நைலானையும் சேர்த்துக் கட்டினால் நைலான் நீண்டுகொண்டிருக்கும்போதே இரும்புவடம் மொத்தச் சுமையையும் வாங்கி அறுந்துவிடும்.

நிற்கும் இடம்

மேல்தள மாலுமிகளுக்குத் தலைவரைப் போசன் என்போம். என் முதல் போசன் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். நான் சேர்ந்த முதல் வாரத்தில் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்து, "ஏல, கயித்துக்கு நேரா நிக்காதல, அது அறுந்தா உன்ன ரெண்டாக்கிரும்" என்றார். சுமையேறிய கயிறு இழுத்துப் பிடித்த ரப்பர் மாதிரி. அறுந்தால் இரண்டு முனையும் தாங்கள் வந்த வழியே பாய்ந்து திரும்பும். வழியில் உருளையைச் சுற்றி வந்திருந்தால் அதைச் சுற்றிச் சாட்டையாக வீசும். மேல்தளத்தில் சிவப்புக் கோடு போட்டு ஆபத்துப் பகுதி குறிப்பதை நம்பி, கோட்டுக்கு வெளியே பத்திரம் என்று நினைப்பது தவறு. 2015-ல் பிரிட்டனில் திரவ இயற்கை வாயு ஏற்றும் ஓர் எல்.என்.ஜி. கப்பலில், துள்ளாது என்று நம்பிய வகைக் கயிறு அறுந்து ஓர் அதிகாரியைக் கடுமையாகக் காயப்படுத்தியது. நீளும் தன்மையுள்ள வால்கயிற்றை அதன் நுனியில் இணைத்திருந்ததால் அதுவும் துள்ளியது. கயிறு விறைக்கும்போது முழு மேல்தளத்தையும் ஆபத்துப் பகுதியாக நினைத்து வின்ச்சுக்குப் பின்னால் நில்லுங்கள். தரையில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் ஒருபோதும் கால் வைக்காதீர்கள்.

அறுவதற்கு முன் கயிறு சொல்லும். மெலியும், முனகும், கப்பலைவிட்டு வெளியேறும் வாயிலில் உரசும் இடத்தில் புகையும், பிரேக் கீச்சிடும். பகலில் கயிறுகளைப் பார்க்கும்போது இழைகள் உருகி ஒட்டிக் கண்ணாடி மாதிரி மினுங்கும் இடம் தெரிந்தால் அந்தக் கயிறு முடிந்தது. 2024 ஜனவரி 1 முதல் கயிறுகளைச் சோதிப்பதும் பதிவு வைப்பதும் சர்வதேசக் கடல் விதியிலேயே கட்டாயமாகிவிட்டது. அதற்கு முன்பும் நல்ல போசன்கள் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

கட்டியபின்

பைலட் இறங்கிப் போவார், எலித்தகடுகள் கயிறுகளில் ஏறும், படிக்கட்டு இறங்கும். கரையில் பார்ப்பவர்களுக்கு வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

தூத்துக்குடியில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அந்த ஏற்ற இறக்கத்தால் கயிறு அதிகம் மாறாது. ஆனால் கிராப் விழுந்து விழுந்து நிலக்கரியை அள்ளும்போது கப்பல் மேலே எழும்பிக்கொண்டே இருக்கும். நீருக்குள் 12.5 மீட்டர் இருந்தது பாதியாகும். முளை அங்கேயே இருக்கும், கப்பலின் தளம் ஆறேழு மீட்டர் உயரும். குட்டையான பிரெஸ்ட் கயிறுகள் முதலில் விறைக்கும், அதோடு செங்குத்தாகிவிடும். செங்குத்தாக நிற்கும் கயிறு கப்பலைத் தளத்தோடு பிடிக்காது, கீழேதான் இழுக்கும். எழும்பிய கப்பல் காற்றுக்குக் காட்டும் பரப்போ கூடிவிடும். ஒரே நேரத்தில் பிடி குறைகிறது, விசை கூடுகிறது.

இதனால்தான் இரவு முழுக்க ஒருவர் கைவிளக்கோடு முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பார். விறைத்த கயிறு தெரிந்தால் இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொண்டு, வின்ச்சை இணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, ஒரு அடி ஆரியா. மறுபடி பிரேக். பக்கத்துக் கயிற்றைக் காலால் மிதித்துப் பார்க்காமல், விளக்கடித்துத் தொங்கலைப் பார்த்து, அதுவும் ஒரு அடி. விடிகாலை நான்கு மணிக்குக் காற்று கொஞ்சம் ஓயும்போது மறுபடி ஒரு சுற்று.